மணியின் காதில் நான்கு, நிலைக்கதவு இடுக்கில் நானூறு

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் அப்பத்தா வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பின்கட்டில் குடியிருக்கிறது. அவர்கள் வளர்க்கும் நாட்டு நாய்தான் மணி. மூன்று வயது, பதினெட்டு கிலோ எடை, செம்மண் நிறம். போன சித்திரையில் படைப்புக்காகப் போய் இறங்கியபோது, வழக்கமாகத் தெருமுனைக்கே ஓடிவருகிற மணி முகப்பிலேயே படுத்திருந்தான். பக்கத்தில் ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூ வேலைப்பாட்டின்மேல் இரண்டு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தம்.

"நான்கு நாளாகச் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான் தம்பி. வெயிலுக்குத்தான் அப்படி இருக்கிறான் என்று விட்டுவிட்டோம்" என்றார் பின்கட்டில் இருக்கும் அக்கா. மேலுதட்டை நீக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. அடிவயிற்றில் முடி குறைந்த இடத்தில் கொசுக்கடி போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவற்றை விரலால் அழுத்தினால் கடித் தடிப்பு போல வெளுத்து மறையவில்லை. தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் அது. காதை மடக்கிப் பார்த்தபோது உள்மடிப்பில் நான்கு உண்ணிகள் ஒட்டியிருந்தன. அதில் ஒன்று ஆமணக்கு விதை அளவுக்கு ஊதி, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது.

ஆமணக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஆமணக்குச் செடிக்கு அறிவியலில் வைத்திருக்கும் பெயரின் முதல் சொல்லுக்கு லத்தீன் மொழியில் உண்ணி என்றே பொருள். விதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூச்சிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. தமிழில் நாம் நேராக, உண்பது எதுவோ அது உண்ணி என்று வைத்துவிட்டோம்.

இந்தப் பக்கத்து நாய்களிடம் நாம் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி என்ற ஒரே இனம். ஆடு மாடுகளிடம் இருப்பவை பெரும்பாலும் வேறு இனங்கள். பல உண்ணி இனங்கள் ஈரமான புல்லிலும் காட்டிலும் காத்திருப்பவை. அவற்றுக்குக் காய்ந்த காற்று ஆகாது. பழுப்பு நாய் உண்ணி அப்படியல்ல. வறட்சியைத் தாங்கும். மனிதர் கட்டிய சுவரும் அதில் ஓர் இடுக்கும் ஒரு நாயும் இருந்தால் போதும், வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரு வீட்டிலேயே கழித்துவிடும். செட்டிநாட்டின் வெயிலும் பழைய வீடுகளும் அதற்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. முட்டைவெள்ளை சேர்த்து இழைத்துப் பூசிய சுவரில் ஊசி நுழைய இடம் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்தச் சுவரும் பர்மாத் தேக்கு நிலையும் சேரும் இடத்தில், நூறு ஆண்டு வெயிலில் மரம் சுருங்கி, நகக்கண் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். உண்ணிக்கு அதுதான் வீடு.

அந்த விரிசலில் இருந்து நாய்க்கு வருவது எப்படி? உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. குதிப்பது தெள்ளுப்பூச்சி. உண்ணியின் முன்னங்கால் இரண்டின் நுனியிலும் சிறு குழி போன்ற ஓர் உறுப்பு உண்டு. நாயின் மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் வெப்பத்தையும் அதைக் கொண்டே அறிகிறது. பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் இரையில்லாமல் அசையாமல் கிடக்கும் உண்ணி, நாய் வந்து நிலைக்கருகில் படுத்ததும் சில நிமிடங்களில் விழித்து நடந்துவருகிறது. ஏறியதும் கடித்துவிடுவதில்லை. தோல் மெல்லியதாகவும் நாய் சொறிய முடியாததாகவும் இருக்கும் இடத்தைத் தேடிச் சிறிது நேரம் அலையும். காதின் உள்புறம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி ஆகியவை அது விரும்பும் இடங்கள்.

இடம் பிடித்ததும் கத்திரி போன்ற இரண்டு உறுப்புகளால் தோலைக் கீறுகிறது. பின், பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் கொண்ட ஒரு குழலை உள்ளே இறக்குகிறது. தூண்டில் முள் போல உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். பழுப்பு நாய் உண்ணியின் வாய்க் குழல் குட்டையானது. அந்தக் குறையை ஈடுகட்ட, கடித்த இடத்தைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து இறுக ஒட்டிக்கொள்கிறது. எச்சிலில் இருக்கும் பொருள்கள் வலி தெரியாமல் செய்கின்றன, ரத்தம் உறையாமல் தடுக்கின்றன, நாயின் உடல் அந்த இடத்தில் எதிர்த்துப் போராடாமல் அடக்கிவைக்கின்றன. நாய் முனகாமல் தூங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

நோய் பரவுவதன் சூட்சுமம் அடுத்த படியில் இருக்கிறது. உண்ணி ரத்தத்தை ஒரேயடியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதில் உள்ள நீரைப் பிரித்து, எச்சிலாக மீண்டும் நாய்க்குள்ளேயே துப்பிவிட்டு, சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. உறிஞ்சுவதும் துப்புவதும் மாறி மாறி நாள் கணக்கில் நடக்கும். வளர்ந்த பெண் உண்ணி ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஒட்டியிருக்கும். முன்பு வேறொரு நாயிடம் குடித்தபோது வாங்கிவந்த கிருமி அதன் எச்சில் சுரப்பியில் இருந்தால், ஒவ்வொரு துப்பலிலும் அது புதிய நாய்க்குள் இறங்குகிறது.

மணிக்கு வந்தது எர்லிக்கியா. 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்ட, வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா அது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நூற்றுக்கணக்கான அல்சேஷன் நாய்களை மூக்கில் ரத்தம் வடிய வைத்துக் கொன்றது இதுதான். நம்மவர்கள் ஒரு காலத்தில் லேவாதேவி செய்த சைகோனிலும் அதே உண்ணி, அதே நோய். காரைக்குடியில் அல்சேஷன் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே மனத்தில் வைக்க வேண்டும், அந்த இனத்தை இந்த நோய் கடுமையாகத் தாக்கும்.

உண்ணியைப் பற்றித் தேடிப் படிப்பவர்கள், '24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பயமில்லை' என்று பல இடங்களில் பார்த்திருப்பார்கள். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறொரு வகை உண்ணி பரப்பும் லைம் நோய்க்குச் சொன்ன கணக்கு. அந்தக் கிருமி உண்ணியின் குடலில் இருந்து எச்சிலுக்கு வந்துசேர நேரம் எடுக்கும். எர்லிக்கியா அப்படிக் காத்திருப்பதில்லை. பழுப்பு நாய் உண்ணி ஒட்டிய மூன்று மணி நேரத்துக்குள்ளேயே அது நாய்க்குள் போய்விடக்கூடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தினமும் மாலையில் உண்ணி எடுப்பது ரத்த இழப்பைக் குறைக்கும், மற்ற சில நோய்களைத் தடுக்கும், வீட்டில் விழும் முட்டையைக் குறைக்கும். ஆனால் எர்லிக்கியாவை அது மட்டும் தடுத்துவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால்தான் தினமும் ஒழுங்காக உண்ணி எடுக்கிற வீட்டு நாய்க்கும் காய்ச்சல் வரும்போது யாரும் உண்ணியை நினைப்பதில்லை.

கிருமி உள்ளே போய் எட்டு முதல் இருபது நாளுக்குள் காய்ச்சல், சோர்வு, சோறு இறங்காமை தொடங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பல நாய்கள் தாமாகவே தேறிவிட்டது போலத் தோன்றும். அந்தத் தோற்றம் ஏமாற்று. சிலவற்றில் கிருமி மண்ணீரலில் மறைந்திருந்து மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அப்போது காப்பாற்றுவது கடினம்.

மணியை அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சம் இருக்க வேண்டிய தட்டணு எண்ணிக்கை அவனுக்கு 42,000. அதற்கு முந்தைய நாள் வீட்டில் யாரோ காய்ச்சல் மாத்திரை அரை கொடுக்கலாமா என்று யோசித்திருக்கிறார்கள். கொடுக்காதது அவன் நல்ல காலம். மனிதருக்கான வலி, காய்ச்சல் மாத்திரைகள் நாய்க்குப் பல நேரங்களில் நஞ்சு. அவற்றில் சில ரத்தக் கசிவை இன்னும் கூட்டிவிடும்.

மருந்து டாக்ஸிசைக்ளின். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் மணிக்கு நாளைக்கு 180 வர வேண்டும். கிடைப்பது 100 மில்லிகிராம் மாத்திரை என்பதால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மருத்துவர் எழுதினார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், சோற்றோடு கொடுங்கள் என்றார். 28 நாள். நான்காம் நாள் மணி எழுந்து தயிர்ச்சோறு தின்றான். ஆறாம் நாள் வாலாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். "நன்றாகிவிட்டான், மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஆறாம் நாளில் நிறுத்தப்படும் மருந்துதான் பின்னால் திரும்பிவரும் நோய்க்குப் பெரும் காரணம். சமையற்கட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வரச் சொன்னேன். 28-ஆம் நாள் எடுத்த ரத்தத்தில் 2,10,000 இருந்தது.

இனி உண்ணியை எடுப்பது பற்றி. கண்ணால் தேடினால் ஊதிய பெண் உண்ணி மட்டும்தான் அகப்படும். இன்னும் குடிக்காத குஞ்சு கசகசா அளவு, ஆறே கால்கள். அடுத்த பருவம் எள் அளவு, எட்டுக் கால்கள். எனவே கண்ணைவிட விரல் நல்லது. நாயைத் திண்ணையில் நிறுத்தி, முடியின் போக்குக்கு எதிராக, கழுத்தில் தொடங்கி வால் வரை விரல் நுனியால் தோலைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பட்டையைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். காது மடிப்பையும் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக விரித்துப் பார்க்க வேண்டும். சிறு மேடு தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. அதை உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தோலை ஒட்டிய இடத்தில் கால்கள் தெரிந்தால் மட்டுமே உண்ணி.

கூர்முனை இடுக்கி ஒன்று போதும். புருவம் திருத்தும் அகல நுனி இடுக்கி இதற்கு ஆகாது, அது உண்ணியின் வயிற்றைப் பிடித்து நசுக்கும். கையுறை இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். முடியை விலக்கி, இடுக்கியின் நுனியைத் தோலோடு தோலாக வைத்து, உண்ணியின் வாய்ப் பகுதியைப் பிடியுங்கள். பிறகு வெடுக்கென்று இழுக்காமல், திருகாமல், ஒரே சீரான விசையில் நேராக மேல்நோக்கி இழுங்கள். தோல் கூடாரம் போல எழும்பி நிற்கும். அப்படியே பிடித்திருங்கள். சில விநாடிகளில் பசை விட்டுக்கொடுக்கும், சிறு வெள்ளைத் துணுக்கோடு உண்ணி கழன்று வரும். அந்தத் துணுக்கு பசை, அல்லது ஒட்டிவந்த தோல் செதில். மணி அன்று மாலை முழுவதும் என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான். 23 எடுத்தோம்.

வாய் நுனி உள்ளே முறிந்து நின்றால் தோண்ட வேண்டாம். ஒரு வாரம் இரண்டு வாரம் சிறு கட்டி இருக்கும், பின் தானே உதிரும். குண்டூசியால் கிளறுவதுதான் அதைப் புண்ணாக்குகிறது. கட்டி பெரிதாகிச் சீழ் பிடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் மண்ணெண்ணெய் தடவுவதும், அணைத்த தீக்குச்சியின் சூட்டை வைப்பதும், உப்புக் கரைசல் ஊற்றுவதும் இன்றும் நடக்கிறது. உண்ணி மூச்சுத் திணறித் தானே விழும் என்ற எண்ணம். உண்ணியின் மூச்சு மிக மெதுவானது, மணிக்கணக்கில் காற்றில்லாமல் தாங்கும். அதுவரை ஒட்டிய இடத்திலேயே இருந்து எச்சிலைத் துப்பிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரலுக்கும் கேடு.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்குவது பலருடைய கைப்பழக்கம். விட்டுவிட வேண்டிய பழக்கம் அது. இதே உண்ணி மனிதருக்கு இந்திய உண்ணிக் காய்ச்சல் என்ற ஒன்றைக் கொடுக்கும். நசுங்கிய உண்ணியின் சாறு கையிலுள்ள கீறலில் பட்டாலும் அந்தக் கிருமி உள்ளே போகலாம். நாய்க்கு உண்ணி எடுத்த வீட்டில் யாருக்காவது ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் உடம்பில் செந்தடிப்பும் வந்தால், உண்ணி இருந்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தரையில் போட்டு மிதிப்பதும் வேண்டாம், குப்பையில் எறிந்தால் நடந்து திரும்பிவிடும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள். நாய் தானே கடித்துத் தின்பதையும் தடுக்க வேண்டும். ஹெபடோசூன் என்ற ஒட்டுண்ணி நோய் கடியால் பரவுவதில்லை, உண்ணியை நாய் விழுங்குவதால்தான் பரவுகிறது.

எடுத்த தேதியைக் குறித்துவைத்து அடுத்த மூன்று வாரம் நாயின் சோற்றையும் ஈறுகளின் நிறத்தையும் கவனித்து வாருங்கள். தேநீர் நிறத்தில் சிறுநீர் போனால் அது வேறொரு நோய். பேபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கிறது என்று பொருள். அதற்கு மருந்தும் வேறு. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எடுத்த 23 உண்ணிகளோடு வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை மணியின் காதில் புதிதாக ஏழு. எங்கிருந்து வந்தன என்று பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு வளவில் சுற்றினேன். மணி படுக்கும் இடத்துக்கு அருகில், இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கதவு. அதன் மேல் மூலையில், ஆள் உயரத்துக்கும் மேலே, மரமும் சுவரும் பிரிந்த கோட்டில் விளக்கை அடித்தபோது அந்தக் கோடு அசைந்தது. நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். பக்கத்தில் வற்றிச் சுருங்கிய ஒரு பெண் உண்ணியின் கூடு, அதை ஒட்டிக் கசகசாவைக் கொட்டியது போலப் பழுப்பு முட்டைக் குவியலின் மிச்சம்.

இந்த உண்ணியின் வாழ்க்கை அப்படித்தான். குஞ்சு, இடைப்பருவம், முழு வளர்ச்சி என்ற மூன்று பருவத்திலும் ஒவ்வொரு முறை நாயில் ஏறிக் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து தோலுரிக்கப் போகிறது. கடைசியாகக் குடித்து விழும் பெண், தரையில் தங்காமல் மேல்நோக்கி ஏறி இடுக்கில் நுழைந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நம் வெயிலில் மூன்று வாரம் போல ஆனால் முட்டை பொரியும். எந்த நேரத்திலும் நாயின் மேல் இருப்பது சிறு பங்கு, மற்றதெல்லாம் வீட்டில். நாம் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறோம், அது உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் பல வீடுகளில் செய்யும் தவறு, நாயை வெளியே துரத்திவிட்டு வீட்டைப் பூட்டுவது. வளர்ந்த உண்ணி இரையில்லாமல் பல மாதம் இருக்கும். படைப்புக்குத் திறக்கும்வரை அது காத்திருக்கும், சில நேரம் பாயில் படுத்த குழந்தையின் மேலும் ஏறும். நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். மருத்துவர் எடை பார்த்து, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டு (வலிப்புள்ள நாய்க்கு இவ்வகை மாத்திரையில் எச்சரிக்கை தேவை), மாதம் ஒருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரை தந்தார். அதைத் தின்ற நாயின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சாகும். மணியை வழக்கம்போல வளவிலேயே படுக்கவிட்டோம். பசித்த உண்ணிகள் அவனைத் தேடி வந்து ஏறி ஏறிச் செத்தன. கடித்த பிறகுதான் சாகும் என்பதால் இந்த மாத்திரை எர்லிக்கியாவை முழுதாகத் தடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் முட்டையிடும் பெண் உண்ணி அவன் மேலிருந்து இனி இறங்காது, சங்கிலி அங்கே அறுகிறது.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாய்க்கு ஊற்றுவது சுற்றுவட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. அதில் எச்சில் வழிந்து, நடுங்கி, சுருண்டு விழுந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் கலந்த மருந்தை நாய்க்குத் தடவினால், நாயோடு ஒட்டிப் படுத்த பூனை இறந்துபோகலாம்.

வீட்டுக்கு இரண்டு வேலை செய்தோம். மணி படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டெடுத்தோம். பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்து, தரையை விட்டுவிட்டு நிலை, சன்னல் சட்டம், படங்களின் பின்புறம், தாழ்வார உத்தரம் என்று இடுக்குகளில் மட்டும் அடிக்கச் சொன்னோம். காயும்வரை மணியும் குழந்தைகளும் தெருத் திண்ணையில். முட்டைக்குள் மருந்து போகாது என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடி அடித்தோம். அதன் பிறகுதான் கொத்தனார் வந்து விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார். முதலிலேயே அடைத்திருந்தால் உள்ளே இருந்தவை வேறு வழி கண்டுபிடித்திருக்கும்.

ஆனியில் போனபோது மணி தெருமுனைக்கே ஓடிவந்தான். திண்ணையில் உட்கார்ந்து அவன் காதை மடக்கினேன். எள் அளவில் ஒன்று ஒட்டியிருந்தது. இடுக்கியால் தொட்டதுமே, இழுக்காமலே, காய்ந்த சருகு போல உதிர்ந்து விழுந்தது.